சர்க்கரை இறங்கியும் எடை ஏறவில்லை

கோட்டூர்புரம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் எங்களோடு தங்கி, தரமணிக்கு வேலைக்குப் போய்வந்த என் அண்ணன் மகனுக்கு இருபத்தாறு வயது. நாலைந்து மாதத்தில் 64 கிலோவிலிருந்து 57 கிலோவுக்கு இறங்கிவிட்டான். ஆபீஸில் எல்லோரும் "ஜிம்முக்குப் போறியா?" என்று பாராட்டினார்களாம். உடம்பைக் குறைக்க எந்த முயற்சியும் எடுக்காதபோது, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 64 கிலோ ஆளுக்கு அது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். இவனுக்குப் போனது அதைப்போல் இரு மடங்கு.

மருத்துவர் முதலில் கேட்டது, "பசி எப்படி இருக்கு?" என்றுதான். இந்தக் கேள்வியிலேயே பாதி வழி தெளிந்துவிடுகிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் சர்க்கரை ஏறினாலும் பெரும்பாலும் பசி கூடும். நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பார்கள். காசநோயில் சோற்றைப் பார்த்தாலே வேண்டாம் என்று இருக்கும். "நல்லா பசிக்குது டாக்டர், ராத்திரி ரெண்டு மூணு தடவை ஒண்ணுக்கும் போறேன்" என்றான்.

கைகளை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு தாளை வைத்து, நடுங்குகிறதா என்று பார்த்தார். உட்கார்ந்திருக்கும்போதே நாடி வேகமாக ஓடுகிறதா என்று எண்ணினார். இரண்டும் தைராய்டுக்காக. பிறகு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான். அதை நிறுத்தி, சில நாள் கழித்து ரத்தம் கொடுக்கச் சொன்னார். பயோட்டின் உடம்பில் இருந்தால், சில ஆய்வக முறைகளில் டிஎஸ்ஹெச் குறைவாகவும் தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். முடி மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் இதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

சர்க்கரையை மட்டும் அன்றே விரலில் குத்திப் பார்த்தார்கள்: 340. பிறகு வந்த முடிவில் தைராய்டு சரியாகவே இருந்தது. இன்சுலின் போதாதபோது சர்க்கரை சிறுநீரில் வெளியேறிவிடும். உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்துப் பிழைக்கும். அதனால்தான் இளைப்பு. வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு கீழ்மூச்சு இவற்றில் ஏதாவது வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு வாருங்கள் என்று எச்சரித்து, மாத்திரைகள் தந்து அனுப்பினார்.

மூன்று வாரத்தில் தாகம் அடங்கியது, சர்க்கரையும் இறங்கியது. எடை மட்டும் ஏறவில்லை. இன்னும் ஒரு கிலோ குறைந்திருந்தது. இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்தால், போன எடை மெல்லத் திரும்ப வேண்டும். மெட்ஃபார்மின் பசியைச் சற்றுக் குறைக்கும், அதனால் இருக்கும் என்று அண்ணி சமாதானம் சொன்னார். ஆனால் மாலையானால் உடம்பு லேசாகச் சுட்டது, ராத்திரி வியர்வையில் தலையணை நனைந்தது. இருமல் கொஞ்சம்தான். "அத்தே, சாப்பாடே பிடிக்கலை" என்று அவன் சொன்னதும் மருத்துவரிடம் மறுபடி கூட்டிப்போனேன்.

சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். அதனால் மருத்துவர் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதிக்கொடுத்தார். மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் அங்கே இலவசம். சளி கொடுப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. எச்சில் உதவாது. விடிகாலையில் வாயைக் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டியான சளி வேண்டும். சிபிநாட் கருவியில் காசநோய்க் கிருமி இருப்பது தெரிந்தது. ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் அதே சோதனையில் தெரிந்தது.

ஆறு மாத மருந்து. எடையைப் பார்த்துத்தான் மாத்திரையின் எண்ணிக்கை: 50 முதல் 64 கிலோ வரை நாளுக்கு நான்கு. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் பயந்துவிட்டான். அது ரிஃபாம்பிசினின் நிறம், கெடுதல் இல்லை. ஆனால் அதே மருந்து சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும். சர்க்கரை மறுபடி ஏறியது, இன்சுலினுக்கு மாற்றினார்கள். காசநோய் மருந்தை நிறுத்தலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவனை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சென்னை நோயாளிகளைக் கொண்டே நடத்திய ஆய்வில் கண்டது இதற்குப் பதிலாக அமைந்தது: மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் குணமாவது சானட்டோரியத்தில் குணமாவதற்கு ஈடு, வீட்டில் இருப்பதால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. குணமாவது பற்றிய முடிவு வெளியானது 1959-ல். ஜன்னல்களைத் திறந்து வைத்தோம், நாங்களும் பரிசோதித்துக்கொண்டோம். அவன் தட்டையும் டம்ளரையும் பிரித்து வைக்கவில்லை, காற்றில் பரவும் நோய் அது.

இரண்டாம் மாத முடிவில் 60 கிலோவைத் தொட்டான். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சர்க்கரை என்று தெரிந்து, மருந்தில் அது இறங்கிய பிறகும் எடை ஏறாவிட்டால், இருமல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.