கூரைத்தகடு டெண்டரில் உண்மையிலேயே குறைந்த விலை எது?

கலஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்துக் கூரைக்கு 200 தகடு வாங்க வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் விலை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று உறைகள் வருகின்றன. தகடு எல்லாம் ஒரே நீளம், ஒரே தடிப்பு.

கொழும்புக் கடை ஒரு தகட்டுக்கு ரூ. 2,850 போட்டிருக்கிறது. கண்டி டவுன் கடை ரூ. 3,000. கம்பளைக் கடை ரூ. 3,500. உறையைப் பிரித்ததும், "கொழும்புக்காரருதான் கொறச்சலு, அவருக்கே குடுத்துருவோம்" என்று ஒரு குரல் எழும்பும். கொஞ்சம் பொறுங்கள், கடுதாசியின் அடியில் உள்ள சின்ன எழுத்தையும் வாசிப்போம்.

கொழும்புக் கடையின் அடிக்குறிப்பு, "வற் வரி புறம்பு, லொறி உங்கள் பொறுப்பு" என்கிறது. 200 தகட்டுக்கு ரூ. 570,000. வற் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம், ஆகவே ரூ. 102,600 கூடும். வாடகை லொறி ரூ. 40,000. அந்தப் பெரிய லொறி தோட்டத்து ரோட்டில் ஏறாது. சந்தியில் இறக்கி, சின்ன லொறியில் லயத்துக்கு ஏற்ற ரூ. 12,000. இந்தக் கடைசிச் செலவைத்தான் எல்லோரும் மறந்துபோகிறார்கள். மொத்தம் ரூ. 724,600.

கண்டிக் கடை தன் லொறியிலேயே லயம்வரை கொண்டுவந்து, அதே பில்லில் ரூ. 20,000 போடுகிறது. அப்படியென்றால் லொறிக் கூலிக்கும் வரி விழும். முதலில் கூலியைக் கூட்டி, பிறகு 18 வீதம் பார்க்க வேண்டும். ரூ. 620,000, வரி ரூ. 111,600, மொத்தம் ரூ. 731,600.

கம்பளைக் கடை வற் வரிக்குப் பதிவு இல்லாதது. பதிவில்லாதவர் வற் என்று ஒரு சதமும் கேட்க முடியாது. லயத்து முற்றத்தில் இறக்கித் தருவதும் அந்த விலைக்குள்ளேயே. ஆகவே ரூ. 700,000, அவ்வளவுதான். கூடின விலையாகத் தெரிந்ததுதான் கொழும்பைவிட ரூ. 24,600 குறைவு.

இன்னொன்றும் உண்டு. கட்டிய வற் வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய கம்பெனி இதே மூன்று உறைகளைப் பிரித்தால் வரியைச் சேர்க்காது. அப்போது கண்டி ரூ. 620,000, கொழும்பு ரூ. 622,000, கம்பளை ரூ. 700,000. கண்டிதான் முதலிடம்! நம் சங்கம் பதிவில்லாதது என்றால் கட்டிய வரி திரும்பி வராது; அது முழுக்க நம் செலவு. அதனால் "கம்பெனி அங்கேதானே வாங்கிச்சு" என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது.

வற் கேட்கும் கடையிடம் பதிவு இலக்கம் போட்ட வரிப் பில் தரச் சொல்லுங்கள். உறை திறந்த பிறகு, "லொறிக் கூலி வேற" என்று கடைக்காரர் சொன்னால் கணக்கே புரண்டுவிடும். எனவே விலை கேட்கும் கடிதத்திலேயே, "வரி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் உட்பட, லயத்து முற்றத்தில் ஒப்படைக்கும் மொத்த விலை" என்று எழுதிக் கேளுங்கள்.