மாடிப்படி விளக்கு: வரைபடத்தைப் படிப்பது எப்படி?

தூத்துக்குடியில் மாடி வீடு கட்டுபவர்களே, எலக்ட்ரீஷியன் தரும் வயரிங் படத்தில் மாடிப்படி விளக்கைப் பாருங்கள். கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு டூ-வே சுவிட்ச் இருக்கும்.

• ஒவ்வொன்றிலும் மூன்று முனைகள். பெரும்பாலும் நடுவில் இருப்பது 'காமன்'. கீழ் சுவிட்ச்சின் காமனுக்கு பேஸ் வரும். மேல் சுவிட்ச்சின் காமனிலிருந்து விளக்குக்கு வயர் போகும். நியூட்ரல் நேராக விளக்குக்கு.

• மீதி முனைகளை இரண்டு வயர்கள் இணைக்கின்றன. அவற்றை 1, 2 என்று குறித்துக்கொள்ளுங்கள். இரு சுவிட்ச்சும் 1-ஐத் தொட்டால் விளக்கு எரியும். மேலே தட்டினால் அது 2-க்கு மாறும். பாதை அறுந்து விளக்கு அணையும். பிறகு கீழே தட்டினால் அதுவும் 2-க்கு வரும், மறுபடி எரியும்.

• ஒரு சுவிட்ச் குறிப்பிட்ட நிலையில் இருந்தால்தான் மற்றது வேலை செய்கிறதா? காமன் வயர் வேறு முனையில் மாட்டியிருக்கக்கூடும்.

• உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூக்கும், விளக்கு மினுங்கும். மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே எலக்ட்ரீஷியனைத் திறக்கச் சொல்லுங்கள். மெயினை அணைக்காவிட்டால், விளக்கு அணைந்திருந்தாலும் சுவிட்ச்சில் மின்சாரம் இருக்கும்.