போனிலிருந்து டிவிக்கு: அடாப்டர் போட்டும் படம் வரவில்லையா?

டைப்-சி போர்ட் உள்ள எல்லாப் போன்களும் டிவிக்குப் படம் அனுப்புவதில்லை. அந்தத் துளை வழியே படம் வெளியேற, பொதுவாக ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதி போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். அது இல்லாத போனில் சாதாரண எச்டிஎம்ஐ அடாப்டரைச் செருகினால் படம் வராது. டிவியில் ‘No Signal’ என்றே நிற்கும்.

எந்தப் போன்? சாம்சங் கேலக்ஸி எஸ்8 (2017) முதலான எஸ் வரிசையில் பெரும்பாலானவை, ஐபோன் 15 முதலான டைப்-சி ஐபோன்கள், கூகுள் பிக்சல் 8 ஆகியவற்றில் இவ்வசதி உண்டு. கேலக்ஸி ஏ, எம் வரிசைகளில் பெரும்பாலானவற்றில் இல்லை. ஆண்ட்ராய்டு போனின் விவரப் பட்டியலில் ‘USB 2.0’ என்று மட்டும் இருந்தால் படம் வராது என்றே கொள்ளலாம். ‘DisplayPort’ என்ற சொல் இருந்தால் வரும்.

எந்தக் கேபிள்? டைப்-சி முனையைப் போனில் நேராகச் செருகும் எச்டிஎம்ஐ அடாப்டரும், அதிலிருந்து டிவிக்குச் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளும் போதும். போனுக்கும் அடாப்டருக்கும் இடையே சார்ஜர் கேபிளைச் சேர்க்கக் கூடாது. அதில் படம் கடத்தும் கம்பிகள் பெரும்பாலும் இருப்பதில்லை.

சோதிக்கும் வழி: டிவி ரிமோட்டில் கேபிள் செருகிய எச்டிஎம்ஐ எண்ணையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகும் படம் வராவிட்டால், அதே அடாப்டரை வசதியுள்ள வேறொரு போனில் செருகிப் பார்க்கலாம். அங்கே படம் வந்தால், குறை முதல் போனில்தான். அதற்கு வைஃபை வழியே திரையைக் காட்டும் ‘காஸ்ட்’ முறையே வழி.