ஒழுகும் கூரைக்கு ஒரு கடிதம்

ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கிற தம்பி ஒருவன், வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்தான். "நாலு தடவை போன்ல சொல்லிட்டேன்யா, பாக்கறேன் பாக்கறேன்னே சொல்றாரு" என்றான். அவனிடம் சொன்னதும் அவனோடு சேர்ந்து செய்ததும்தான் இது.

1. எழுதுமுன் மாடியில் ஏறிப் பார். வெயில் நாளிலும் ஈரம் இருந்தால் தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் சந்தேகப்படு. இவன் வீட்டில் மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சொட்டத் தொடங்கும். ஏறிப் பார்த்தோம். தண்ணீர் வடிகிற குழாய் வாயைப் புளியஞ்சருகு அடைத்து, கைப்பிடிச் சுவரோரம் குளம் கட்டியிருந்தது. சருகை அள்ளுவது குடியிருப்பவன் வேலை, அள்ளினான். அடுத்த மழைக்கும் ஒழுகியது. சுவரும் தளமும் சேருமிடத்தில் பூச்சு விட்டு, நகம் நுழையும் அளவுக்கு விரிசல். அது வீட்டுக்காரர் வேலை. கடிதத்தில் சருகையும் மறைக்காமல் எழுதினோம். மறைத்தால் அவர் அதையே பிடித்துக்கொள்வார்.

2. "வீடு முழுக்க ஒழுகுது" என்று எழுதாதே. எந்த அறை, எந்த மூலை, எந்தெந்தத் தேதி மழைக்கு ஒழுகியது, போனில் என்றைக்குச் சொன்னாய் என்று எழுது. போட்டோ நாலு போதும். கோபத்துக்கு ஒரு வரிகூட வேண்டாம்.

3. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படி. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது: தான் செய்யக் கடமைப்பட்ட பழுதை, தெரிவித்த பின்னும் நியாயமான காலத்துக்குள் வீட்டுக்காரர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம். "கடமைப்பட்ட" என்ற சொல்லில்தான் சிக்கல். அந்தக் கடமை பெரும்பாலும் ஒப்பந்தத்திலிருந்துதான் வரும். இவன் ஒப்பந்தத்தில் "பெரிய பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு" என்று இருந்தது, பிழைத்தான். அந்த வரியை அப்படியே கடிதத்தில் எடுத்து எழுதினோம். நகரத்தில் குடியிருப்பவர்கள் 2017ஆம் ஆண்டுத் தமிழக வாடகைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

4. நியாயமான காலம் என்றால் இத்தனை நாள் என்று அந்தப் பிரிவு கணக்குச் சொல்லவில்லை. வேலையைப் பார்த்து நீதான் கேட்க வேண்டும். ஐப்பசி மழையில் ஈரத் தளத்தின்மேல் பூசினால் பூச்சு பிடிக்காது. பூசிய பிறகும் ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். அதனால் இரண்டு கெடு வைத்தோம்: "ஏழு நாளுக்குள் கொத்தனாரை அழைத்து வந்து பார்த்து, தற்காலிகமாகத் தார்ப்பாய் போட்டுத் தரவும். மழை ஓய்ந்ததும், அதிகபட்சம் நாற்பத்தைந்து நாளுக்குள் விரிசலை அடைத்துப் பூசித் தரவும்." "உடனே" என்று எழுதியிருந்தால் எந்த நாளிலிருந்து தாமதம் என்று யார் சொல்வது?

5. கையில் கொடுத்தால் நகலில் கையெழுத்து வாங்கு. தபால் என்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் நகலோடு தைத்து வை. வாடகையை மட்டும் நிறுத்தாதே. ஒழுகலை விட்டுவிட்டுப் பேச்சு பாக்கிக்குப் போய்விடும். இவன் ஐந்தாம் தேதி வாடகையைக் கட்டினான். ஒன்பதாம் தேதி கொத்தனார் ஏணியோடு வந்து, "இதுக்கு லெட்டரா?" என்றாராம்.