கடைக்காரருக்கு ஒரு கடிதம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

குறும்படம் எடுக்கக் கதை வேண்டும், காமிரா வேண்டும் என்பதை நண்பர்கள் அனைவரும் அறிவர். அதற்குப் பொருளுதவி கேட்டு எழுதும் கடிதமும் ஒரு கலை என்பதை எங்கள் திரைப்படக் கழகம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

எங்கள் முதல் கடிதம் இரண்டு பக்கம். ஒரு பக்கம் திரைக்கலையின் பெருமை. மறுபக்கம் எங்கள் ஆர்வம். முடிவில், 'தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு வேண்டுகிறோம்'. அதை எடுத்துக்கொண்டு, என் தந்தையார் மூட்டை தூக்கும் மண்டிக்கே நான் போனேன். முதலாளி கடிதத்தைப் பிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா தலை குனிந்து நின்றார். "உன் பையனா? இந்தா தம்பி" என்று நூறு ரூபாய் கொடுத்தார்.

அன்றிரவு அப்பா கேட்டார்: "எவ்வளவு வேணும், எதுக்கு வேணும்னு எழுதினியாப்பா? எழுதாம அவரு என்னன்னு குடுப்பாரு?"

எழுத்தறியாத என் தந்தையின் இந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் இரண்டாவது கடிதம் பிறந்தது.

முதலில் கணக்குப் போட்டோம். படம் 12 நிமிடம். படப்பிடிப்பு இரண்டு நாள். காமிரா வாடகை 6,000, ஒலிப்பதிவுக் கருவி 2,500, விளக்குகள் 3,000, பதினைந்து பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு 4,500, வண்டி 2,000, காட்சிகளைச் சேமிக்கும் வன்தட்டு 2,500, எதிர்பாராச் செலவு 2,000. மொத்தம் ரூ. 22,500. கழகத்தார் 25 பேரும் ஆளுக்கு 300 போட்டு ரூ. 7,500 சேர்த்தோம். மீதி ரூ. 15,000.

இந்த மீதியை ஒரே கடையில் கேட்கவில்லை. செலவின் ஒவ்வோர் இனத்தையும் அதற்கேற்ற கடையில் கேட்டோம். உணவு விடுதியில் பணம் கேளாமல் சாப்பாடே கேட்டோம். கொடுப்பவருக்கு அது அடக்க விலைதான். நமக்கோ முழு விலை மிச்சம். மண்டிக்கு எழுதிய கடிதம் இது:

"பொருள்: குறும்படத்திற்கு விளக்கு வாடகை ரூ. 3,000 வேண்டுதல்.

ஐயா, வணக்கம். எங்கள் கல்லூரித் திரைப்படக் கழகத்தினர் 25 பேர், நம் ஊர்ச் சந்தையைப் பற்றி 12 நிமிடக் குறும்படம் எடுக்கவுள்ளோம். மொத்தச் செலவு ரூ. 22,500, எங்கள் பங்கு ரூ. 7,500 சேர்ந்துவிட்டது. விளக்கு வாடகை ரூ. 3,000-ஐத் தங்கள் நிறுவனம் ஏற்க வேண்டுகிறோம். படத்தின் இறுதியில் ஐந்து நொடியும், திரையிடல் அழைப்பிதழிலும் தங்கள் நிறுவனப் பெயர் இடம்பெறும். தொகைக்கு ரசீதும், படம் முடிந்த 15 நாளில் வரவு செலவுக் கணக்கும் தருவோம். படப்பிடிப்பு நடைபெறாவிடில் தொகையைத் திருப்பித் தருவோம். வரும் வெள்ளி மாலை நேரில் வந்து தங்கள் விடையை அறிகிறோம்."

கீழே கழகச் செயலாளர், பொறுப்புப் பேராசிரியர் கையொப்பங்கள். முதல்வரின் ஒப்பமும் கல்லூரி முத்திரையும். முதல்வரின் அனுமதியின்றிக் கல்லூரியின் பெயரால் ஒரு ரூபாயும் திரட்டுதல் தவறு. அந்த முத்திரையைப் பார்த்த பிறகே பல கடைக்காரர்கள் கடிதத்தைப் படிக்கத் தொடங்கினார்கள்.

எழுதக்கூடாதவையும் உண்டு. 'ஆயிரக்கணக்கானோர் பார்ப்பர்' என்று நம்மால் உறுதி கூற இயலாது. எங்கள் அரங்கில் 200 நாற்காலிகள், அதைத்தான் சொன்னோம். 'நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு' என்று எழுதலாகாது. அதற்கென ஒப்புதல் பெற்ற அமைப்புகளுக்கே அது பொருந்தும். கதைக்குள் கடையைப் புகுத்தவும் நாங்கள் இசையவில்லை. ஒரு துணிக்கடையில் நாயகன் தங்கள் பையுடன் நடந்தால் முழுத்தொகையும் தருவதாகச் சொன்னார்கள். நன்றி கூறித் திரும்பினோம். அந்த ஒரு முடிவுக்காகப் பின்னர் மூன்று கடை கூடுதலாக ஏறி இறங்கினோம்.

நேரமும் பார்க்க வேண்டும். காலை வியாபாரத்தில் கடிதம் நீட்டினால் அது கல்லாவின் அடியில் போய்விடும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் போனால் உட்காரச் சொல்வார்கள்.

வெள்ளியன்று மண்டிக்குப் போனேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக் கடிதத்தை முழுவதும் படித்தார். இம்முறை அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "மூவாயிரமா? ரெண்டு நாள் விளக்குக்கா? வாடகைச் சீட்டைக் காட்டு தம்பி" என்றார். காட்டினேன். இரண்டாயிரம் எடுத்துவைத்து, "மீதி, கணக்குக் காட்டும்போது" என்றார். ரசீது எழுதிக் கொடுத்தேன்.

படம் முடிந்த பன்னிரண்டாம் நாள் கணக்கைக் கொண்டுபோனேன். மீதி ஆயிரம் கைக்கு வந்தது. மூட்டையை இறக்கிவைத்த அப்பா, அந்தக் கணக்குத் தாளை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.