வானத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? டெக்ஸ்சர் சுருக்க முறையைத் தேர்ந்தெடுக்கும் வழி

கேம் தயாரிக்கும் சாப்ட்வேர்கள் இலவசமாகக் கிடைப்பதால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் வீட்டிலேயே சிறிய கேம் ஒன்றைச் செய்து பார்க்கின்றனர். கிராபிக்ஸ் பிரிவில் சாப்ட்வேர் எழுதுபவன் என்பதால், இவர்களிடமிருந்து ஒரு கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. "வரையும்போது வானம் வழவழப்பாக இருந்தது. கேமில் போட்டு மொபைல் போனில் ஓட்டினால் சதுரம் சதுரமாகத் தெரிகிறதே, ஏன்?" இதற்கான காரணத்தையும் தீர்வையும் இங்கு பார்ப்போம்.

ஜேபெக் படம் ஏன் போதாது?

கேமில் ஒரு பொருளின் மேல் போர்த்தப்படும் படத்தை டெக்ஸ்சர் என்கிறோம். ஜேபெக் அல்லது பிஎன்ஜி பைல் டிஸ்க்கில் சிறியதாக இருக்கலாம். ஆனால் கிராபிக்ஸ் சிப் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. படத்தின் எந்த மூலையில் உள்ள பிக்செலையும் அது நினைத்த மாத்திரத்தில் எடுக்க வேண்டும். ஜேபெக்கில் அது முடியாது என்பதால், படம் முழுவதும் விரிக்கப்பட்டே மெமரிக்குச் செல்லும். 1024 x 1024 பிக்செல் படம் விரிந்தால் 4 எம்.பி. இதுபோல நூறு படங்கள் இருந்தால் 400 எம்.பி. மெமரி குறைந்த போனில் கேம் பாதியில் மூடப்பட இதுவே போதும்.

எனவே கிராபிக்ஸ் சிப்களுக்கென்றே தனிச் சுருக்க முறைகள் உள்ளன. இவை படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே அளவுள்ள இடத்தில் எழுதும். கட்டங்கள் தெரிவதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கட்டத்திற்கு நான்கே நிறங்கள்

டெஸ்க்டாப்பில் நெடுங்காலமாக இருந்துவரும் BC1 முறையை எடுத்துக்கொள்வோம். இதன் பழைய பெயர் DXT1. இதில் 4 x 4, அதாவது 16 பிக்செல்கள் ஒரு கட்டம். ஒரு கட்டத்திற்கு இரண்டு நிறங்கள் மட்டுமே எழுதப்படும். அவற்றுக்கு இடையிலான இரண்டு நிறங்களை சிப் தானே கணக்கிடும். ஆக, ஒவ்வொரு பிக்செலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். 4 எம்.பி. படம் 512 கே.பி. ஆகிவிடும்.

செங்கல், மரப்பட்டை, புல் போன்ற படங்களில் இது கண்ணுக்குத் தெரியாது. வானத்தில் தெரியும். வானத்தின் மேலிருந்து கீழே சிவப்பின் மதிப்பு 64லிருந்து 128 ஆக உயர்கிறது என்போம். 1024 வரிசைகளில் 64 படிகள். அதாவது 16 வரிசைக்கு ஒரு படி. ஆனால் BC1 எழுதும் இரண்டு நிறங்களில் சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா 32 படிகள், பச்சைக்கு 64 படிகள் மட்டுமே உண்டு. சிவப்பில் அடுத்தடுத்த இரு படிகளுக்கு இடையே சுமார் 8 இடைவெளி. வானம் ஒவ்வொன்றாக நகர, BC1 எட்டு எட்டாகத் தாவுகிறது. இடையில் கணக்கிடப்படும் நிறங்கள் ஓரளவு உதவும். ஆனால் மூன்று நிறங்களும் சேர்ந்தே நகர வேண்டியிருப்பதால், சிவப்பு சரியாக அமையும் இடத்தில் பச்சை தவறிவிடும். அதனால்தான் சாம்பல் மேகத்தில் சில கட்டங்கள் பச்சையாகவும் சில கட்டங்கள் ரோஸாகவும் தெரிகின்றன.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

மைக்ரோசாப்ட் வழங்கும் texconv இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒரு போல்டரில் வைத்து, sky.png என்ற வானப் படத்தையும் அதே போல்டரில் வைக்கவும். கமாண்ட் விண்டோவில் கீழ்க்கண்டவற்றைக் கொடுக்கவும்.

```
texconv -f BC1_UNORM_SRGB -srgb -m 1 -sx _bc1 -y sky.png
texconv -ft png -y sky_bc1.dds
```

முதல் வரி படத்தைச் சுருக்கும். இரண்டாவது வரி அதை மீண்டும் பிஎன்ஜி ஆக்கும். இரண்டு படங்களையும் திறந்து 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கவும். பின்னர் BC1 என்ற இடங்களில் BC7 என மாற்றி மீண்டும் செய்து பார்க்கவும். BC7 இரு மடங்கு இடம் எடுக்கும். நம் படத்துக்கு 1 எம்.பி. ஆனால் நிறங்களை நுட்பமாக எழுதும்; வழவழப்பான கட்டங்களில் 16 படிகள் வரை தரும். டைரக்ட்எக்ஸ் 11 முதல் வந்த கிராபிக்ஸ் கார்டுகளில் இது இயங்கும்.

மொபைலில் ASTC

BC வகைகள் டெஸ்க்டாப்புக்கு உரியவை. மொபைல் போன்களில் பொதுவாக ASTC பயன்படுகிறது. இதில் ஒவ்வொரு கட்டமும் 16 பைட்தான். ஆனால் கட்டத்தின் பரப்பை 4 x 4 முதல் 12 x 12 வரை நாமே தேர்ந்தெடுக்கலாம். நம் படம் 4 x 4 எனில் 1 எம்.பி., 6 x 6 எனில் சுமார் 457 கே.பி., 8 x 8 எனில் 256 கே.பி. கட்டம் பெரிதாக ஆகத் தரம் குறையும். ஆர்ம் நிறுவனத்தின் astcenc புரோகிராமில் இதைச் சோதிக்கலாம்.

```
astcenc-sse2 -ts sky.png sky_8.png 8x8 -medium
```

இது சுருக்கி, உடனே விரித்துக் காட்டும். 8x8 என்ற இடத்தில் 6x6, 4x4 எனக் கொடுத்து ஒப்பிடவும். சாதாரணப் படங்களுக்கு 6 x 6 ல் தொடங்கலாம். வானம் போன்றவற்றிற்கு 4 x 4 ஐ முயலவும். ASTC இல்லாத பழைய ஆண்ட்ராய்ட் போன்களுக்கு ETC2 தேவைப்படும்.

வானம் மேலிருந்து கீழாக மட்டும் மாறுகிறது என்றால், இவை எதுவுமே தேவையில்லை. 1 பிக்செல் அகலமும் 256 பிக்செல் உயரமும் கொண்ட படத்தைச் சுருக்காமல் வைத்து, இழுத்துப் பரப்பிடலாம். அதன் எடை வெறும் 1 கே.பி.

நார்மல் மேப் தனி ரகம்

சுவரின் மேடு பள்ளத்தைக் காட்டும் நீல நிறப் படம்தான் நார்மல் மேப். பார்க்கப் படம் போல இருந்தாலும், அதில் இருப்பவை நிறங்கள் அல்ல. பரப்பு எந்தத் திசையை நோக்குகிறது என்ற எண்கள். BC1 ல் போட்டால் திசைகள் நான்கு நான்காகத் திரண்டு, வெளிச்சம் படும் இடத்தில் பளபளப்பு கட்டங்களாக உடையும்.

டெஸ்க்டாப்பில் இதற்கு BC5 பயன்படுத்தவும். இது X, Y இரண்டை மட்டும் தனித்தனியே, ஒவ்வொன்றுக்கும் 8 படிகளுடன் வைக்கும். Z எங்கே என்கிறீர்களா? திசையின் நீளம் எப்போதும் 1 என்பதால் அதைக் கணக்கிட்டுவிடலாம். X 0.6, Y 0 எனில் Z 0.8.

```
n.z = sqrt(max(0.0, 1.0 - dot(n.xy, n.xy)));
```

மொபைலில் ASTC 4 x 4 அல்லது 5 x 5 எடுத்து, astcenc ல் -cl, -normal ஆகியவற்றைச் சேர்க்கவும். அப்போது X சிவப்பிலும் Y ஆல்பாவிலும் கிடைக்கும். யூனிட்டி பயன்படுத்துபவர்கள் Texture Type என்பதை Normal map என மாற்றினால், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். மாற்ற மறந்தால் எண்கள் நிறங்களாகக் கருதப்பட்டு, மேடு பள்ளம் கோணலாகும்.

குறை எங்கிருந்து வருகிறது?

பெரிதாக்கிப் பார்க்கும்போது கோடுகள் 4 பிக்செலுக்கு ஒன்றாக வந்தால், BC அல்லது ETC2 காரணம். ASTC எனில் நீங்கள் தேர்ந்தெடுத்த கட்ட அளவில் வரும். 8 பிக்செலுக்கு ஒன்றாக வந்தால், முதலில் மூலப் படத்தைத் திறந்து பார்க்கவும். ஜேபெக்கும் 8 x 8 கட்டங்களையே பயன்படுத்துவதால், குறை அங்கேயே இருந்திருக்கலாம். அப்படியானால் எந்த முறைக்கு மாறினாலும் கட்டங்கள் போகாது. பிஎன்ஜி மூலப் படத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். கட்டங்கள் இல்லாமல் நீண்ட பட்டைகள் மட்டும் மூலப் படத்திலும் தெரிந்தால், அது ஒரு நிறத்துக்கு 256 படிகளே உள்ளதால் வருவது. அதற்குச் சுருக்க முறையைக் குறை கூறிப் பயனில்லை.