பூனை, நாய் உள்ள வீட்டில் டிஃப்யூசர் வைக்கிறீர்களா?

வாசனைக்காகவோ கொசுவுக்காகவோ இப்போது பல வீடுகளில் மாலையானால் டிஃப்யூசர் ஓடுகிறது. கூடவே ஒரு பூனையோ நாயோ வளர்ந்தால், இந்தக் குறிப்புகளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் தோழிகளே.

1. புகை போல ஆவி விடும் டிஃப்யூசரின் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டை அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். தட்டில் பொடிப்பொடியாக ஈரம் படிந்திருக்கும், விரலால் தேய்த்தால் அதே வாசனை வரும். பக்கத்தில் படுத்திருக்கும் பூனையின் முடியிலும் இதேதான் படிகிறது; அது நாள் முழுக்க உடம்பை நக்குவதால் எண்ணெய் நேரே வயிற்றுக்குப் போய்விடும்.

2. நமக்கு ஒத்துக்கொள்ளும் எண்ணெய் பூனைக்கு ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்றால், இவற்றில் பலவற்றை உடைத்து வெளியேற்ற நம் ஈரலில் இருக்கும் ஒரு வழி பூனைக்கு மிகவும் பலவீனம். அதனால் சிறுகச் சிறுகச் சேர்ந்தாலும் அதற்குப் பாரம்தான். பாட்டிலில் ‘முழுக்க இயற்கை’ என்று போட்டிருப்பதை இந்த விஷயத்தில் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

3. முதலில் ஒதுக்க வேண்டியது டீ ட்ரீ ஆயில். பூனையோ நாயோ இருக்கும் வீட்டில் டிஃப்யூசரிலும் வேண்டாம், உண்ணி போக மேலே தடவவும் வேண்டாம். அமெரிக்காவில் 2002 முதல் 2012 வரை விலங்கு நச்சு உதவி மையத்துக்கு வந்த 443 டீ ட்ரீ பாதிப்புகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை வீட்டார் நல்லது என்று நினைத்து வேண்டுமென்றே தடவியவைதான். உண்ணிக்கு மருந்து வேண்டுமென்றால் மருத்துவர் எடை பார்த்துத் தரும் சொட்டு மருந்தே சிக்கனம்.

4. ஊட்டிக்குப் போனால் வாங்கி வருகிறோமே, அந்தத் தைலங்களும் கவனத்துக்குரியவை. யூகலிப்டஸ் தைலம் வயிற்றுக்குள் போனால் தள்ளாட்டமும் வலிப்பும் வரலாம். விண்டர்கிரீன் தைலத்தில் இருப்பது ஆஸ்பிரின் வகைச் சரக்கு, அது பூனை நாய் இரண்டுக்குமே ஆகாது. கிராம்பு, பட்டை, பெப்பர்மின்ட், எலுமிச்சை ஆரஞ்சுத் தோல் எண்ணெய்களையும் பூனை இருக்கும் அறையில் விடாதீர்கள்.

5. டிஃப்யூசர் இல்லாமல் முடியாது என்றால் செல்லங்கள் நுழையாத அறையில், கதவைச் சாத்தி, ஓரிரு சொட்டோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள். அணைத்ததும் ஜன்னலைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, தரையையும் மேஜையையும் ஈரத்துணியால் துடைத்த பிறகே உள்ளே விடுங்கள். இரவு முழுக்க ஓடவிடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், எண்ணெயும் மிச்சமாகும்.

6. ஆஸ்துமா உள்ள பூனை, குட்டிகள், கூண்டில் லவ் பேர்ட்ஸ் இருக்கும் வீடு என்றால் டிஃப்யூசரையே விட்டுவிடுங்கள். பறவைகளின் நுரையீரல் அவ்வளவு மென்மையானது.

7. பூனையின் மணல் தட்டு நாற்றத்தை மறைக்கத்தான் பலர் டிஃப்யூசர் வாங்குகிறார்கள். காலையும் மாலையும் கட்டிகளை அள்ளி, வாரம் ஒரு முறை தட்டைக் கழுவிக் காயவைத்தால் வாசனைக்கு வேலையே இருக்காது. கொசுவுக்கு ஜன்னல் வலை ஒரு முறைச் செலவு.

8. குச்சி சொருகிய டிஃப்யூசர் புகை போல ஆவி விடாது, ஆனால் பூனை தட்டிவிட்டால் அடர்த்தியான எண்ணெய் முழுதும் அதன் மேல்தான். அப்படி முதுகில் கொட்டிவிட்டால் உடனே ஒரு துண்டால் ஒற்றி எடுத்து, நக்க விடாமல் பிடித்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் லிக்விடை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, பிசுக்கு போகும் வரை கழுவுங்கள். கழுவியதும் நன்றாகத் துவட்டி, துணியில் சுற்றிக் கதகதப்பாக வைக்க வேண்டும், ஏனென்றால் இந்த எண்ணெய்கள் உடல் சூட்டையும் இறக்கிவிடும்.

9. எச்சில் ஒழுகுவது, முகத்தைக் காலால் தேய்ப்பது, கண்ணில் நீர், வாந்தி, பின்னங்கால் தள்ளாடுவது, நடுக்கம் இவைதான் அறிகுறிகள். பூனை நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசரம். டீ ட்ரீ பட்டால் அறிகுறி தெரிய 2 மணி முதல் 12 மணி நேரம் ஆகலாம், அதனால் ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள்.

10. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; மேலே வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். டிஃப்யூசரை அணைத்து, காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கிப் போய், கால்நடை மருத்துவருக்கு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கையோடு அந்த எண்ணெய் பாட்டிலையும் மூடி இறுக்கி எடுத்துப் போனால், என்ன எண்ணெய், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவருக்கு உடனே தெரிந்துவிடும்.